ஜெனரேட்டருக்காக நீ வாங்கி வைக்கும் பெட்ரோல்

மன்னார்குடி

அன்பு மகள் செல்விக்கு,

மழைக்காலத்துக்கு முன்பாக வேதாரண்யம் வீட்டுக்குச் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கியிருப்பதாகவும், தண்ணீர் வந்த 10 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் நிரப்பி மாடிப்படிக்குக் கீழே வைத்திருப்பதாகவும் நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனம் அமைதிப்படவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு உனக்கு நினைவிருக்கும். மறுநாள் ஜெனரேட்டரை இயக்க முயன்று, கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்தான் வலித்தது. இயந்திரம் இரண்டு முறை செருமிவிட்டு அடங்கிவிட்டது. முந்தைய ஆண்டு மழைக்கு வாங்கி மீந்த பெட்ரோலைத்தான் அதில் ஊற்றியிருந்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, இயந்திரத்துக்குப் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, முள்முனை அளவே இருக்கும் அதன் துளை, பழுப்பு நிறப் பிசினால் அடைபட்டிருந்தது. இருபது ஆண்டுகள் பட்டறை வைத்திருந்தவன் நான். அடுத்தவர் வண்டியில் எத்தனையோ முறை பார்த்ததை என் வீட்டில் கவனிக்காமல் விட்டேன். அந்தப் பிழையை நீ செய்யக்கூடாது.

பெட்ரோல் பழசாவது இரண்டு வழியில் நடக்கிறது. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடுவதால், குளிர்ந்த இயந்திரம் பற்றுவதற்குத் தேவையானதே குறைந்துவிடுகிறது. மீதி காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறுகிறது. இவற்றோடு, இன்று பங்க்கில் நாம் வாங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்துவைத்திருக்கும் அது, அளவு மீறியதும் நீரோடு சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஜெனரேட்டரின் பெட்ரோல் குழாய் அடியிலிருந்துதான் எடுக்கிறது என்பதால், இயந்திரத்துக்குப் போவது அந்த அடுக்காகவே இருக்கும். கடலோர ஈரக்காற்றில் இருக்கும் உனக்கு இது சிறிய விஷயமல்ல.

இப்போது கேனுக்கு வருகிறேன். தண்ணீர் கேனும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலும் பெட்ரோலுக்காகச் செய்தவை அல்ல; சுவர் மெல்லியது, மூடி ஆவியைத் தாங்காது, வெயிலில் உப்பி இறுக்கம் தளரும். நம் நாட்டுப் பெட்ரோலியம் சட்டம், 1934, விற்பனைக்கு அல்லாமல் வைத்திருக்கும் பெட்ரோல் மொத்தம் 30 லிட்டரைத் தாண்டாதவரை உரிமம் தேவையில்லை என்கிறது. ஆனால் உலோகக் கலம் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படக்கூடாது என்றும், கலம் இறுக மூடியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தச் சட்டம் கண்ணாடிக் கலத்தையும் பீங்கான் கலத்தையும் ஒரு லிட்டர் வரை ஏற்கிறது. பிளாஸ்டிக்கை அந்தப் பட்டியலில் சொல்லவில்லை. ஆகவே உனக்கு ஏற்றது 5 லிட்டர் இரும்பு ஜெர்ரிகேன்தான். வாங்கும்போது மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா, உட்புறம் பூச்சுப் பூசியிருக்கிறதா என்று பார். பூச்சில்லாத தகரத்தில் எத்தனால் இழுத்த ஈரமே துருவை உண்டாக்கி, அந்தத் துருத்தூள் ஜெட்டை அடைக்கும்.

நிரப்பும்போது கேனை வண்டியின் கால்வைக்கும் பலகையிலோ டிக்கியிலோ வைத்துக்கொண்டு நிரப்பாதே. தரையில் இறக்கிவைத்து, பங்க் குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டபடி நிரப்பச் சொல். தேங்கும் நிலைமின்சாரம் பொறி தெறிக்காமல் இறங்க அதுவே வழி. முழுக்க நிரப்பாமல் மேலே சிறிது இடம் விடு. காலையில் வாங்கிய 5 லிட்டர் நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 20 பாகை சூடேறினால் 100 மில்லி அளவுக்கு விரிவடையும். சில பங்க்குகளில் கேனில் தர மறுப்பார்கள். அப்போது வாக்குவாதம் செய்யாமல், புயல் எச்சரிக்கை வந்தவுடன் ஸ்கூட்டர் டேங்கை நிரப்பி வைத்தால் போதும்.

வைக்கும் இடத்தை நான் அதிகம் வலியுறுத்துகிறேன். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, பக்கத்து அறையின் அடுப்பையோ பிரிட்ஜ் இயங்கும்போது தெறிக்கும் பொறியையோ தேடிப் போய்விடும். மாடிப்படிக்குக் கீழே அடைபட்ட இடம் ஆதலால் அது கூடவே கூடாது. வீட்டோடு ஒட்டாத, நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில், வெள்ளம் எட்டாத உயரத்துச் செங்கல் மேடையில் கேனை வைத்து, மிதந்து போகாதபடி கட்டிவிடு.

எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு மின்விசிறி, சில விளக்கு, கைபேசி சார்ஜர் என்று ஓட்டினால் உன் சிறு ஜெனரேட்டருக்கு மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு நான்கு மணி நேரம் என்றால் 2 லிட்டர். ஐந்து இரவுக்கு 10 லிட்டர், அதாவது இரண்டு கேன். அதற்குமேல் வேண்டாம்.

எத்தனை நாள் வைக்கலாம் என்றால், நல்ல கேனில் இறுக மூடி நிழலில் வைத்தால் மூன்று மாதத்தை நான் எல்லையாகக் கொள்வேன். நம் வெப்பத்தில் ஆறு மாதம் என்று நம்பமாட்டேன். காற்றுத்துளை உள்ள ஜெனரேட்டர் டேங்கில் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு கேனையும் நிரப்பி, வாங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடு. மாதம் ஒருமுறை ஒரு கேனை ஸ்கூட்டரில் ஊற்றிச் செலவழித்து, அதைப் புதிதாக நிரப்பு. பொங்கலுக்குப் பின் இரண்டையும் ஸ்கூட்டருக்கே ஊற்றிக் காலி செய்துவிட்டால், கோடைக்கு வீட்டில் பெட்ரோலே இருக்காது.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். மின்சாரத்துக்கு வைக்கும் பெட்டியல்ல, பெட்ரோலில் கலக்கும் திரவத்தைச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் வேலை, ஆக்சிஜன் பெட்ரோலோடு சேர்ந்து பிசினாவதைத் தாமதப்படுத்துவது. புதிய பெட்ரோலில் சேர்த்தால்தான் பயன். கெட்டுப்போனதை அது மீட்காது, பிரிந்த நீரையும் திரும்பக் கலக்காது. புட்டியில் எழுதியுள்ள அளவை ஊசிக்குழலால் அளந்து, காலி கேனில் முதலில் விட்டு, அதன்மேல் பெட்ரோலை நிரப்பினால் தானாகவே கலந்துவிடும். ஜெனரேட்டரிலும் கலந்த பெட்ரோலை ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டு. இல்லையேல் டேங்க் பாதுகாப்பாக இருக்க, கார்புரேட்டரில் மட்டும் பழையது தேங்கி நிற்கும். மாதம் ஒரு கேன் மாற்றும் உனக்கு இது கூடுதல் துணையே தவிர, அதை நம்பி ஆண்டுக்கணக்கில் சேமிக்காதே. பருவம் முடிந்து ஜெனரேட்டரை மூடிவைக்கும்போது டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் எஞ்சியது தீர்ந்து இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டால் ஜெட் அடைபடாது.

கேனில் இருப்பது சரியா என்று சந்தேகம் வந்தால், வெளியே திறந்த இடத்தில், கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, அன்று வாங்கியதோடு பக்கத்தில் வைத்துப் பார். நிறம் கருத்து, புளித்த வார்னிஷ் நெடி அடித்தால் பழசாகிவிட்டது. கலங்கலாகவோ, அடியில் கோடிட்டதுபோல் தனி அடுக்காகவோ தெரிந்தால் நீர் பிரிந்துவிட்டது. அதை எந்த இயந்திரத்திலும் ஊற்றாமல், சாக்கடையிலும் கொட்டாமல், அருகிலுள்ள பட்டறையில் கொடுத்துவிடு. இயந்திரம் சூடாக இருக்கையில் பெட்ரோல் ஊற்றாமல், அணைத்துக் கால் மணி நேரமாவது ஆறவிட்டு ஊற்று என்று மாப்பிள்ளையிடமும் சொல்.

தண்ணீர் கேனில் இருப்பதை இன்றே வெளியே எடுத்து, ஸ்கூட்டர் டேங்கில் பிடித்த அளவு ஊற்றிவிடு. மீதியை வெயில் படாத திறந்த இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை. ஞாயிறு நான் வரும்போது இரண்டு ஜெர்ரிகேன் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அப்பா