கழுத்து லேஸ் ஏன் கழுத்தளவைவிட நீளமாக வேண்டும்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கழுத்தில் லேஸ் வைத்துத் தைக்கக் கொடுக்கும்போது, கழுத்தளவுக்கு வாங்கிய லேஸ் ஏன் போதாமல் போகிறது என்று பலரும் எங்களிடம் கேட்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

மகளின் புதுநன்மை விழாவுக்காகக் குளச்சலிலிருந்து வந்த சகோதரி ஒருவர், வெள்ளை ஜாக்கெட் துணியுடன் ஓர் அங்குல அகலமுள்ள லேஸ் அரை மீட்டர் கொண்டுவந்தார். முன்கழுத்து 6 அங்குல அகலமும் 7 அங்குல இறக்கமும் உள்ள ‘யு’ வடிவம். பழைய ஜாக்கெட்டின் கழுத்தோரத்தில் நூலை வைத்து அளந்திருந்தார். பதினேழரை அங்குலம் வந்ததால், ஏறக்குறைய இருபது அங்குலம் தாராளமாகப் போதும் என்று நினைத்துவிட்டார்.

ஆனால் லேஸுக்கு இரண்டு ஓரங்கள் உண்டு. கழுத்தை ஒட்டிய ஓரம் பதினேழரை அங்குலத்தில் முடிந்தாலும், ஓர் அங்குலம் தள்ளி மார்புப் பக்கம் ஓடும் வெளி ஓரத்துக்கு இருபதரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். இரு முனைகளையும் மடிக்க இன்னும் ஓர் அங்குலம் சேர்த்தால் ஏறக்குறைய 22 அங்குலம். எங்கள் கடையிலேயே முன்பொருமுறை கழுத்தோரத்தை முதலில் தைத்துவிட்டோம். வெளி ஓரம் எட்டாமல் துணியை இழுத்தது. மேசைமேல் விரித்தபோது கழுத்தின் அடிவளைவு கிண்ணம்போல் எழும்பி நின்றது. இஸ்திரி போட்டும் அது படியவில்லை. முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே இப்போது துணியில் வெளிக்கோட்டை வரைந்து, லேஸின் வெளி ஓரத்தை அதன்மேல் இழுக்காமல் குண்டூசியால் பொருத்தி, அதையே முதலில் தைக்கிறோம். உள் ஓரத்தில் மிஞ்சும் மூன்று அங்குலத்தை, அந்த ஓரத்தில் ஊசியால் நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு, நூலை மெல்ல இழுத்து, அடிவளைவு முழுவதும் பரவலாகச் சுருக்கி, ஆவி இஸ்திரியால் படியவைத்த பிறகே தைப்போம். சுருக்கம் ஓரிடத்தில் குவிந்தால் அங்கே கொசுவம் தெரியும்; நேரம் பிடிப்பது இந்த வேலைக்குத்தான்.

வலை லேஸும் மெல்லிய பருத்தி லேஸும் இப்படி இணங்கும். விறைப்பான ஜரிகை பார்டர் சுருங்காது. அதைச் சதுரக் கழுத்துக்கு வைத்து, மூலையில் சாய்வாக மடித்துத் தைப்பதே அழகு. ‘யு’ கழுத்தில்தான் ஜரிகை வேண்டும் என்பவர்களுக்கு ஆரி வேலையைச் சொல்கிறோம், ஏனெனில் வளைவைத் துணியில் வரைந்துகொண்டு அதன்மேலேயே தையல் ஓடுவதால் இழுப்புக்கு இடமில்லை. கூலி மட்டும் கூடும்.

குடைப் பாவாடையின் அடியோரத்திலும் கணக்கு இதுவே. கீழ் ஓரம் நீளம், அதுவே முதலில். அங்கே ஆறு அங்குல மிச்சம் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட சுற்றில் பரவிவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குளச்சல் சகோதரி அதே லேஸில் முக்கால் மீட்டர் புதிதாக வாங்கி வந்தார். பருத்தி லேஸ் என்பதால், துவைத்தபின் சுருங்கிக் கழுத்தை இழுக்காதிருக்க, தைக்கும் முன் நனைத்து உலர்த்தினோம். நீங்களும் ‘யு’ கழுத்துக்கு ஓர் அங்குல லேஸ் வாங்கினால், முன்கழுத்தளவுக்கு மேல் ஐந்து அங்குலம் ஒரே துண்டாகக் கூட்டி வாங்குங்கள். துணியை வெட்டும் முன்பே அதை எங்களிடம் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தையலகத்தார்,
மார்த்தாண்டம்.