பின்வளவு உறுதி பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை இரண்டு தரம் கோல் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றப்படி சுகம். ஆரையம்பதியில் நாலு நாளாக மழை.

பின்வளவு இருபது பேர்ச்சையும் அதிலுள்ள சின்ன வீட்டையும் குட்டியின் பெயருக்கு எழுதப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்துதான் நீ கதைக்கவில்லை என்கிறாள் அம்மா. உனக்கு எழுதாமல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏன் என்று நீ கேட்கவில்லை. சீதன வீட்டை விற்றபோது நாங்களும் உன்னை ஒன்றும் கேட்கவில்லைதானே. மருமகன் உழைப்பாளி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடன் வாங்காத வியாபாரம் எங்கே இருக்கிறது?

நொத்தாரிசைப் பார்த்தேன். நன்கொடை உறுதிக்கு இரண்டு சாட்சியும் என் கையொப்பமும் மட்டும் காணாதாம். கொடுப்பதை வாங்குகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காத நன்கொடை வெறும் காகிதம். குட்டி சின்னப் பிள்ளை, அவளுக்காக யார் ஏற்பது என்று கேட்டார். வழக்கமாகத் தகப்பன்தான் கையொப்பம் வைப்பாராம், சட்டப்படி அவர்தான் இயற்கைப் பாதுகாவலர். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அவர் விளங்கிக்கொண்டார்.

ஏற்றுக் கையொப்பம் வைப்பதால் காணி தகப்பனுடையது ஆகிவிடாது. குட்டிக்குப் பதினெட்டு முடியும் வரை அதை விற்கவோ ஈடு வைக்கவோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அது பிள்ளையின் நன்மைக்குத்தானா என்று நீதிபதி பார்ப்பார். அந்தக் கட்டளை இல்லாமல் எந்த வங்கியும் அந்த உறுதியை ஈடாக எடுக்காது. எனக்கு வேண்டியதும் அதுதான். நான் யாரையும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை.

எனக்கும் அம்மாவுக்கும் சீவிய உரித்து வைத்து எழுதச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் இருக்கும் வரை வாடகை எங்கள் கையில் வரும், வீட்டைப் பழுது பார்ப்பதும் வரி கட்டுவதும் எங்கள் பொறுப்பு. எங்களுக்குப் பிறகுதான் கேள்வி. அப்போது குட்டிக்குப் பதினெட்டு ஆகாவிட்டால் வளவை யார் பார்ப்பது? அதற்கு உன் பெயரை உறுதியிலேயே எழுதலாமாம். அந்த உறுதியைக் காட்டி நீ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பராமரிப்பாளர் சான்றிதழ் எடுக்கலாம். அதன் பிறகு வாடகைக்குக் கணக்கு வைத்து நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். கணக்கு எழுத நீ சின்னதிலிருந்தே கெட்டிக்காரி. கடைக் கொப்பியில் என் பிழையைப் பிடித்தவளும் நீதான்.

ஒரு தரம் எழுதிக் கொடுத்தால் பிறகு எனக்கு ஒரு சத்திரசிகிச்சை என்று வந்தாலும் வளவைத் திரும்ப எடுக்க ஏலாது, யோசித்துச் செய்யுங்கள் என்றார் நொத்தாரிசு. யோசித்துவிட்டேன். நீயும் யோசி. மருமகனோடு கதைத்துவிட்டு யோசி, ஆனால் நீ யோசி.

இனி எழுதுவதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். படுவான்கரையில் அம்மம்மாவின் இரண்டு ஏக்கர் வயல் உனக்கு ஞாபகம் இருக்கும். அது அம்மம்மாவின் வயல் இல்லை, உன் வயல். நீ ஆறு வயதாக இருக்கும்போது உன் பெயருக்கு எழுதினார். உனக்காக ஏற்றுக் கையொப்பம் வைத்தவன் நான். 1997இல் அண்ணாவை வெளியே அனுப்பக் காசு வேண்டியிருந்தது. துவக்குச் சத்தத்துக்குள் அங்கே போய் விதைக்கவும் ஏலாது. விற்றேன். நீதிமன்றத்துக்குப் போகவில்லை, உனக்கும் சொல்லவில்லை. வாங்கியவருக்கும் அது தெரியும். அதனால்தான் விலையைக் குறைத்தார். 2002இல், உனக்குப் பதினெட்டு முடிந்த மாதமே, அந்த விற்பனையை நீயும் ஒத்துக்கொண்டதாக எழுதிய உறுதியோடு அவர் வீட்டுக்கு வந்தார். நீ கம்பஸ் போகும் அவசரத்தில் இருந்தாய். என்ன பேப்பர் அப்பா என்று கேட்டாய். காணிப் பேப்பர், கையொப்பம் வை என்றேன். வைத்தாய்.

நீ வைக்காமல் இருந்திருந்தால் அந்த வயலை வழக்குப் போட்டுத் திருப்பியிருக்கலாம். அண்ணா நல்லாக இருக்கிறான், அவன் அனுப்பிய காசில்தான் இந்தப் பின்வளவையே வாங்கினேன். அது வேறு கதை. உன்னுடையதை நான் எடுத்தேன்.

மருமகனைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டாயாம். தகப்பன்மாரைப் பற்றி எனக்குத் தெரியும், மகள், நானும் ஒரு தகப்பன். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

உறுதி எழுதி முடிந்துவிட்டது. ஏற்றுக்கொள்பவரின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. பள்ளிக்கூட லீவுக்குக் குட்டியோடு வா. வரும்போது அவளுடைய பிறப்புச் சான்றிதழையும் உன் அடையாள அட்டையையும் எடுத்து வா. இரவு பஸ்ஸில் வருவதென்றால் முன்னமே சொல், விடியற்காலையில் சந்தியில் நிற்பேன்.

அன்புடன்,
அப்பா