கடுகு மஞ்சள் ரவிக்கை

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பின்கட்டில் ஓடு மாற்றியாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு நீ மட்டும் வந்து போனாய். ஏன் என்று அன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. கடை விஷயம் ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பட்டுச் சேலைப் பிரிவில் 31 வருஷம் நின்றவன் நான். புதிதாகச் சேரும் பையன்கள் எல்லோரும் ஒரே வசனத்தில்தான் தொடங்குவார்கள்: "உங்க கலருக்கு எடுப்பா இருக்கும்க்கா." அடுத்து வருகிற அம்மாவுக்கும் அதையேதான் சொல்வான். கேட்கிறவளுக்குத் தெரியாதா? நிறமும் முகமும் அவள் தேர்ந்தெடுத்தவை இல்லை. அதோடு, அவளை ஏறிட்டுப் பார்க்காமலே சொல்லிவிடக்கூடிய வார்த்தை அது.

ஒருமுறை ஒரு பெண் மயில் கழுத்து நிறச் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அந்த நிறத்தில் பாவு ஒரு கலர், ஊடை இன்னொரு கலர். ட்யூப் லைட்டில் சரியாகத் தெரியாது, வெயிலில் மடித்துத் திருப்பினால்தான் இரண்டும் மாறி மாறி வரும். "வாசல்ல போய் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணிச்சு பாருங்க" என்றேன். அவ்வளவுதான். பாட்டி சேலையில் பார்த்தது, தங்கை கல்யாணத்தில் ஏமாந்தது என்று அரை மணி நேரம் பேசினாள்.

இதில் சறுக்கவும் செய்வாய். இன்னொரு அம்மாவிடம் "நல்ல ரசனை உங்களுக்கு" என்றேன். "இது என் மாமியார் எடுத்தது" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அதற்கப்புறம் முதலில் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்: "இதை ஏம்மா எடுத்தீங்க?"

சரி, பொங்கலன்று நம் வீட்டுக் கூடத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. மருமகள் கிளிப்பச்சைச் சேலையில் வந்து, "எப்படி இருக்கு?" என்றாள். நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல், "சூப்பர், அழகா இருக்கே" என்றாய். அவள் உள்ளே போய் நைட்டிக்கு மாறிவிட்டாள்.

அவள் போட்டிருந்த ரவிக்கையைப் பார்த்தாயா? சேலையோடு வருகிற துணி அரக்கு நிறம். அதை விட்டுவிட்டாள். கரை ஓரத்தில் கடுகு மஞ்சளில் ஒரே ஒரு இழை ஓடும், நூல் தடிமன்தான். அந்த மஞ்சளைத் தேடிப் பிடித்துத் தைத்திருந்தாள். கடையில் அத்தனை வருஷம் நின்ற எனக்கே அது தோன்றியிருக்காது. "அந்த மஞ்சளை எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று நீ கேட்டிருந்தால் போதும். 'ரசனை', 'கலை' என்று பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். எதை ஒதுக்கினாள், எதை எடுத்தாள் என்று பார்த்ததைச் சொன்னால் போதும். கண்ணில் எதுவும் படவில்லையா, கேள். பொய்யாக மட்டும் சொல்லாதே.

அவள் பேச்சுக்கும் இதேதான். உன் சித்தப்பா கிரகப்பிரவேசத்தில் டைல்ஸ் விலையை மூன்றாவது தடவை சொன்னபோது, "மாமா, செருப்பை மட்டும் கழட்டினா போதுமா, காலையும் கழட்டி வெளியிலேயே வெச்சிடணுமா?" என்றாளே! சித்தப்பாவே சிரித்துவிட்டான். நீ காரில் ஏறியதும் "உனக்கு வாய் ஜாஸ்தி" என்றாய். பின்சீட்டில் நாங்களும் இருந்தோம். அப்படிப்பட்ட பேச்சுக்கு "நல்ல ஜோக்" என்று மார்க் போடவும் கூடாது. அப்போது சிரி. நாலு நாள் கழித்து, அவள் இருக்கும்போதே, அவள் பேரைச் சொல்லி, வார்த்தை மாறாமல் இன்னொருவரிடம் எடுத்துச் சொல். விளக்கம் கொடுத்துக் கெடுத்துவிடாதே.

சின்ன வயதில் நீ எல்லாவற்றையும் கவனிப்பாய். பில் புத்தகத்தில் என் கையெழுத்துச் சாய்ந்தால் அன்று எனக்குத் தலைவலி என்று கண்டுபிடிப்பாய். அந்தப் பிள்ளைதானே நீ. அவளைக் கவனி, அவ்வளவுதான் சொல்கிறேன்.

எனக்கு இதைச் சொல்ல யோக்கியதை இல்லை. அம்மா கல்யாணத்துக்கப்புறம் தானாகப் போய் எடுத்த சேலை ஒன்றே ஒன்று, கூட்டுறவுக் கடையில், சாம்பல் நிறத்தில் மெல்லிய சிவப்புக் கரை. கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "உனக்கு எது கட்டினாலும் அழகுதான்" என்றேன். பாராட்டினேன் என்றே நினைத்தேன். அதற்கப்புறம் அவள் எடுக்கவே இல்லை, நான் கொண்டு வருவதைத்தான் கட்டினாள். ஊரார் தேர்வையெல்லாம் கண் விழித்துப் பார்த்தவன், இதைப் பார்க்கவில்லை.

போன வாரம் பீரோவில் அது கிடைத்தது. ஏன் சாம்பல் எடுத்தாய் என்று கேட்டேன். "இப்ப எதுக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து, "சிவப்பு கரை சாம்பல்லதான் சிவப்பா தெரியும்" என்றாள்.

முறுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு டப்பா. காரம் குறைத்தது மருமகளுக்கு. அவள் எங்கே இருக்கிறாளோ, அங்கே நீயே கொண்டுபோய்க் கொடு.

அப்பா