ஆறு மாதக் கணக்கைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

அக்குபஞ்சர், ஹிப்னாஸிஸ், லேசர் முறைகளால் புகைப்பழக்கத்தை விடலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தி, பலன் எப்போது அளக்கப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்த வாரத்தில் விட்டிருப்பவர்களில் பலர் சில மாதங்களில் மீண்டும் புகைக்கத் தொடங்குவார்கள். அதனால்தான் ஆய்வாளர்கள் குறைந்தது 6 மாதம் காத்திருந்து கணக்கெடுக்கிறார்கள். அக்குபஞ்சரில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. மருத்துவ ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2014 மதிப்பீட்டில், பெயரளவுக்குக் குத்தும் போலி ஊசியைவிடச் சற்றுக் கூடுதல் பலன் முதல் சில வாரங்களில் தென்பட்டது. 6 மாதத்துக்குப் பின் அது நிலைத்ததற்கு உறுதியான சான்று இல்லை. ஹிப்னாஸிஸை ஆராய்ந்த 2019 மதிப்பீடும் மற்ற ஆலோசனை முறைகளைவிட அது மேலானது என்று காட்டவில்லை. லேசருக்கான சான்று இவற்றைவிடவும் மெலிது.

மூலிகை சிகரெட்டை இவற்றோடு சேர்த்தே எண்ணக்கூடாது. அது நேரடியாகவே தீங்கு செய்வது. நிகோடின் இல்லாததால் ஏக்கம் தணியாது, இலை எரிவதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் போகும். ஆலோசனை மையங்களில் மூச்சை ஊதவைத்துப் பார்க்கும்போது, புகையிலையை அறவே விட்டவருக்கும் இந்த சிகரெட்டால் கார்பன் மோனாக்சைடு அளவு உயர்ந்தே காட்டும். இனி இத்தகைய செய்திகளில் 6 மாத முடிவையும், போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்களா என்பதையும் கேட்டு வெளியிடுங்கள். பலன் நிரூபிக்கப்பட்ட நிகோடின் பட்டை, சூயிங்கம் பற்றியும் அருகிலேயே ஒரு வரி சேருங்கள்.

– புகைநிறுத்த ஆலோசகர் ஒருவர்