கவுன்டர் ட்ரெய்னர் கிட்டில் சுற்றுப் பிழை: பலகையை மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
ஆய்வகப் பொறுப்பாளர், எலக்ட்ரானிக்ஸ் துறை,
தனியார் பாலிடெக்னிக், திருமங்கலம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 3 பிட் சிங்க்ரனஸ் அப்-டவுன் கவுன்டர் கிட், டவுன் எண்ணிக்கையில் பிழை.

ஐயா,

வணக்கம். மதுரை டவுன்ஹால் ரோட்டில் உங்கள் விற்பனையாளரிடம் நாங்கள் வாங்கிய கிட்கள் மேல்நோக்கிச் சரியாக எண்ணுகின்றன. திசை ஸ்விட்சை டவுனுக்குத் தள்ளினால் 7, 6, 1, 4, 3, 2, 5, 0 என்று ஓடுகின்றன. எந்தக் கிட்டை எடுத்தாலும் இதே வரிசைதான்.

போனில் கேட்டதற்கு, க்ளாக் பட்டன் பவுன்ஸ் ஆகிறது என்றார் உங்கள் சர்வீஸ் பொறியாளர். பவுன்ஸ் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் தாவும், அப் எண்ணும்போதும் தாவும். இங்கே அப்படி இல்லை. பிழை கேட் இணைப்பில் இருக்கிறது.

T இன்புட்டில் 1 இருந்தால் ஃபிளிப்-ஃபிளாப் அடுத்த க்ளாக்கில் மாறும். 0 இருந்தால் அப்படியே நிற்கும். அப் எண்ணும்போது கீழ் பிட்கள் எல்லாம் 1 ஆக இருந்தால்தான் மேல் பிட் மாற வேண்டும். டவுனில் அவை எல்லாம் 0 ஆக இருக்க வேண்டும். திசை ஸ்விட்ச் M = 1 என்றால் அப் என்ற உங்கள் முறைப்படி சரியான இணைப்பு இதுதான்:

```
T0 = 1
T1 = M·Q0 + M'·Q0'
T2 = M·Q1·Q0 + M'·Q1'·Q0'
```

உங்கள் பலகையில் T2-வின் கடைசிப் பகுதி `M'·(Q1·Q0)'` என்று இருக்கிறது. இரண்டும் 0 என்று பார்க்க வேண்டிய இடத்தில், இரண்டும் சேர்ந்து 1 ஆக இல்லை என்பதை மட்டும் நாண்ட் கேட் பார்க்கிறது. 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது 110. கீழ் இரண்டு பிட் மட்டும் மாறி 101, அதாவது 5 வர வேண்டும். க்ளாக்கை 6-ல் நிறுத்தி லாஜிக் ப்ரோபை T2-வில் வைத்தேன், ஹை காட்டியது. மூன்று பிட்டும் மாறி 001 ஆகிவிடுகிறது. 1, 2, 5, 6 நான்கிலும் T2 இப்படித் தவறாக ஹை ஆகிறது. மற்ற நான்கில் கீழ் இரு பிட்டும் ஒரே மாதிரி இருப்பதால் பிழை வெளியே தெரியாது.

8 பல்ஸ் கொடுத்து 7 திரும்ப வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது உங்கள் கையேடு. பிழையான பலகையும் அதில் பாஸ் ஆகிவிடும்! ஒரு மாணவி 6-க்குப் பிறகு வந்த 1-ஐ ரெக்கார்டில் அடித்துவிட்டு 5 என்று எழுதியிருந்தாள். கண்ணால் பார்த்ததை நம்பாமல் போகும்படி ஒரு கிட் பிள்ளைகளைப் பழக்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

7400 நாண்ட் சிப்பைக் கழற்றிவிட்டு 7402 நார் சிப்பைப் போடுங்கள் என்ற உங்கள் யோசனையும் சரிப்படாது. 7400-ல் பின் 1, 2 இன்புட், பின் 3 அவுட்புட். 7402-ல் பின் 1 அவுட்புட், பின் 2, 3 இன்புட். அதே சாக்கெட்டில் செருகினால் கேட் அவுட்புட்டும் ஃபிளிப்-ஃபிளாப் அவுட்புட்டும் மோதிக்கொள்ளும்.

ஃபிளிப்-ஃபிளாப்களின் Q0', Q1' பின்களிலிருந்தே ஆண்ட் கேட்டுக்கு எடுத்த திருத்திய பலகைகளை உங்கள் செலவில் அனுப்புங்கள். கையேட்டில் டவுன் வரிசை முழுவதையும் சரிபார்க்கும் அட்டவணை வேண்டும். இதே பலகையை வாங்கிய மற்றக் கல்லூரிகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். செய்முறைத் தேர்வு நெருங்குவதால் பதிலைத் தாமதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்