காலில் இருப்பது ஆணியா, மருவா? மில் விடுதிக் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்லடம், சோமனூர், அவிநாசிப் பக்கத்து மில் விடுதிக் காப்பாளர்களுக்கு வணக்கமுங்க.

விடுதிகளுக்கு வந்து போகும் செவிலியர் நான். "கால் ஆணிங்க்கா" என்று பாதத்தைக் காட்டும் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது ஆணியே இல்லை, மரு. இரண்டும் தடித்திருக்கும், நடந்தால் வலிக்கும். ஆனால் ஆணி அழுத்தத்தால் வருவது, யாருக்கும் ஒட்டாது. மரு ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, ஒட்டும்.

நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளும்போது அதிகம் வலித்தால் மரு. பாத ரேகை மருவின் மேல் ஓடாமல் விலகிப் போகும். மேல்தோல் தேய்ந்தால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். அதைத்தான் வேர் என்று நினைத்துத் தோண்டுகிறார்கள்.

ஸ்பின்னிங்கில் ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஒரு பிள்ளை, குதிகாலில் இருந்ததை ஆணி என்று பிளேடால் சீவிக்கொண்டே இருந்தாள். அந்த விடுதிக் குளியலறையில் எல்லோருக்கும் ஒரே தேய்ப்புக்கல். சில மாதங்களில் மருவைச் சுற்றிக் குட்டி மருக்கள். கல்லைப் பிடித்த கையின் நகத்தோரம் ஒன்று. அறைத்தோழி பாதத்திலும் ஒன்று. தண்ணீரில் ஊறிய, கீறல் விழுந்த தோல் இந்த வைரஸுக்குத் திறந்த வாசல். ஒட்டிய பிறகு மரு தெரியவே மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று பஞ்சாயத்து வைப்பதில் பயனில்லை. பிள்ளையை ஊருக்கு அனுப்புவதிலும் பயனில்லை.

அவளுக்கு மருத்துவர் கொடுத்தது சாலிசிலிக் அமிலம் சுமார் 17 சதவீதம் உள்ள பெயின்ட். படுக்கும் முன் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, வெள்ளையாகிப்போன தோலைத் தனக்கென்று வைத்த உப்புத்தாள் அட்டையால் தேய்த்து, சுற்றிலும் வாஸ்லின் தடவி, மருவின் மேல் மட்டும் மருந்து. எரிந்து புண்ணானால் சில நாள் நிறுத்த வேண்டும். இதற்குப் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். பாதிப்பேர் மூன்றாவது வாரமே விட்டுவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். ரேகை பழையபடி ஓடினால்தான் போனது என்று அர்த்தம். அப்படியும் போகாவிட்டால் தோல் மருத்துவர் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார். அதற்கும் சில வார இடைவெளியில் பலமுறை போக வேண்டியிருக்கும். ஒன்றுமே செய்யாமல் இரண்டு வருடத்துக்குள் தானாக உதிர்வதும் உண்டு, அதுவரை வலியோடு நிற்க முடிந்தால். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைக்க மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். தோல் வெந்து புண்ணாகிறது.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தானுங்க. பொதுக்கல்லையும் பொது நகவெட்டியையும் எடுத்துவிடுங்கள். குளிக்கும்போதும் சொந்தச் செருப்பு காலில் இருக்கட்டும். தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அடுத்த ஷிப்ட் வருமுன் காய விடுங்கள். மரு உள்ளவள் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வழக்கம்போல் வேலைக்குப் போகலாம். சமையல்கட்டில் இருக்கும் சர்க்கரை வியாதிக்கார அம்மாவுக்கு வந்தால் மட்டும் அந்த பெயின்டைக் கொடுக்காமல் நேராக மருத்துவரிடம் அனுப்புங்கள். அவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் அமிலம் புண்ணாக்குவதே தெரியாது.