பள்ளிவாசல் சாவி பத்து இரவுக்கும் வேண்டும்

எங்கள் ஜமாஅத் தலைவருக்கும் நிர்வாகிகளுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும். லைலத்துல் கத்ர் இரவைத் தேட, நோன்பின் கடைசிப் பத்து இரவும் பள்ளிவாசல் திறந்திருக்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

சென்ற நோன்பின் 25ஆம் இரவு, பொள்ளாச்சியில் கடை அடைத்துவிட்டுக் கோவிந்தாபுரம் வழியாக ஊர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். பள்ளிவாசல் கேட்டில் பூட்டு. ஒளு செய்யும் குழாயும் உள்ளே. சுமைதூக்கும் பெரியவர் ஒருவர் வெளிப்படியில் துண்டை விரித்து, பாட்டில் தண்ணீரில் முகம் கை கழுவிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரே அறை, பேரப்பிள்ளைகள் உறங்குகிறார்கள், விளக்குப் போட முடியாது என்றார். இருவரும் தெருவிளக்கில் தொழுதோம்.

இரண்டு நாள் கழித்து 27ஆம் இரவு வந்தது. சீரியல் விளக்கு, நெய்ச்சோறு, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. துஆ முக்கால் மணி நேரம் நீண்டது. அதில் பாதி, நன்கொடை தந்தவர்களின் பெயர்ப்பட்டியல்.

கடைசிப் பத்தின் ஒற்றை இரவுகளில் தேடுங்கள் என்பதுதான் புகாரியில் இருக்கிறது. எந்த இரவு என்று அறிவிக்க நபிகள் வெளியே வந்தபோது இருவர் சச்சரவிட்டதால் அந்த அறிவு உயர்த்தப்பட்டுவிட்டது என்பதும் நீங்கள் அறிந்ததே. நிர்வாகத்துக்கு மட்டும் தனியாகத் தேதி வந்திருந்தால் எங்களுக்கும் சொல்லியிருக்கலாம்.

எல்லையில் கேரளப் பக்கம் இருக்கும் நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கேரளத்தில் ஒரு நாள் முன்னதாகப் பிறை அறிவிக்கும் ஆண்டுகளில், நம் 27ஆம் இரவு பொள்ளாச்சியில் இருக்கும் என் அக்காவுக்கு 26. அவருடைய 27 நமக்கு 28. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒற்றை, அந்தப் பக்கம் இரட்டை! ‘ஒன்பது எஞ்சும் இரவு’ என்ற நபிமொழிக்கு அபூ ஸயீத் அல்குத்ரீ 22ஆம் இரவு என்றே விளக்கம் சொன்னார். ஆகவே பத்து இரவும் திறந்திருக்கட்டும் என்கிறேன்.

துஆவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த இரவு கிடைத்தால் என்ன கேட்பது என்று ஆயிஷா நாயகி கேட்டபோது கற்றுத்தரப்பட்டது ஒரே வரி: ‘அல்லாஹும்ம இன்னக அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஃஃபு அன்னீ.’ இறைவா, நீ மன்னிப்பவன், மன்னிப்பதை விரும்புபவன், என்னை மன்னித்துவிடு. திர்மிதீயில் இருக்கிறது. கூட்டாக ஓதும்போது ஹஸ்ரத் ‘அன்னீ’ என்பதை ‘அன்னா’ என்று மாற்றினால் ‘எங்களை’ என்றாகிவிடும். அந்த முக்கால் மணி நேரத்தில் இந்த வரி ஒருமுறைகூட வரவில்லை. பட்டியலில் பெயர் இல்லாத எங்களுக்கு அது ஒன்று போதும்.

மின்கட்டணம், காவல், மோதினாருக்கு ஓய்வு என்று நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குப் புரியாமலில்லை. சீரியல் விளக்குக்கு இல்லாத மின்கட்டணம் ஒற்றைக் குழல்விளக்குக்கு எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காவலுக்கு முறைவைத்து வர நாங்கள் நான்கு பேர் தயார்.

21ஆம் இரவு என்பது 20ஆம் நோன்பு திறக்கும் மஃரிபோடு தொடங்கிவிடுகிறது. இஃதிகாஃப் இருப்பவர்கள் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட வேண்டும். அன்று அஸருக்குள் ஒரு சாவியை எங்களிடம் தந்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.